டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்காமல் "ரிங் போச்சு சார்"

ஆயில் மாற்றி 1,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டு நிற்கிறது. ஒரு லிட்டர் ஊற்றினேன், அடுத்த 1,200 கிலோமீட்டரில் அதுவும் காலி. ராத்திரி வண்டிக்கடியில் அட்டை விரித்து வைத்தேன், காலையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்படியானால் ஒழுகவில்லை, எரிகிறது.

சரி என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால், அந்த ஆள் பானெட்டைத் திறக்கவில்லை, இஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை, மீட்டரை எட்டிப் பார்த்தார், 62,000. "ரிங் போச்சு சார், இஞ்சின இறக்கணும், 48,000 ஆகும்." அவ்வளவுதான்! காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வருகிறதா, மேட்டில் மிதிக்கும்போது வருகிறதா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? முதலாவது என்றால் வால்வ் சீல், இரண்டாவது என்றால் பிஸ்டன் ரிங் என்று சந்தேகப்படலாம். கம்ப்ரஷன் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல சார், அனுபவத்துல சொல்றேன்." பணம் என்னுடையது, அனுபவம் மட்டும் அவருடையதா?

வண்டியைத் திருப்பிக்கொண்டு தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் முதலில் கழற்றியது, இஞ்சினுக்குள் சேரும் ஆவியைக் காற்று இழுக்கும் மேனிஃபோல்டுக்குத் திருப்பிவிடும் பிரீதர் வால்வை. குலுக்கினால் உள்ளே டக்டக் என்று ஆட வேண்டும், ஆடவில்லை. மேனிஃபோல்டு பக்கமிருந்து வாயால் ஊதினார், காற்று தாராளமாகப் போனது. அந்தப் பக்கமிருந்து அப்படித் தாராளமாகப் போகக் கூடாது. பிசின்போல் கசடு படிந்து திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, இஞ்சின் அந்த வழியாக ஆயில் ஆவியை உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. அது சேரும் டியூபுக்குள் விரலை விட்டுக் காட்டினார், நகக்கண் வரை கறுப்பு ஆயில். மூடியபடி அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக ஒழுகியிருக்கும் என்றார்.

கம்ப்ரஷனும் பார்த்தார், நான்கு சிலிண்டரிலும் 12 பார் அளவில், பெரிய வித்தியாசமில்லை. "இத வச்சு மட்டும் ரிங் நல்லாருக்குன்னு சொல்லிட முடியாது தம்பி, கீழ இருக்கிற ஆயில் ரிங் கார்பன்ல ஒட்டியிருந்தாலும் கம்ப்ரஷன் நல்லாத்தான் காட்டும். வால்வ மாத்தி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வா." இப்படிப் பேசுபவர்தானே மெக்கானிக்! புது வால்வ் 650 ரூபாய். இப்போது 1,100 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயில் மேல்கோட்டிலிருந்து ஒரு நூல்தான் இறங்கியிருக்கிறது.

அந்த 48,000 ரூபாயைக் கேள்வி கேட்காமல் கட்டியவர்கள் எத்தனை பேரோ, நினைத்தாலே வயிறு எரிகிறது. அப்புறம் இன்னொன்று, மீட்டரை எட்டிப் பார்க்க உட்கார்ந்த அந்த ஐந்து நிமிடத்தில் என் சீட்டை எதற்கய்யா கடைசி வரை பின்னால் தள்ளினீர்கள்?