கீமோ காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக் காத்திருக்கலாமா?

"கீமோ போட்டா காய்ச்சல் வர்றது சகஜம். பாராசிட்டமால் போட்டு, காலையில பார்த்துக்கலாம்" என்று பலர் சொல்கிறார்கள்.

வேண்டாம், தயவுசெய்து காத்திருக்காதீர்கள். என் அத்தைக்குக் கீமோ முடிந்த பத்தாம் நாள் மாலை 100.8 இருந்தது. மாத்திரை கொடுத்தோம், 98.8-க்கு இறங்கியது, நிம்மதியாகத் தூங்கினோம். நள்ளிரவில் உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம். வார்டில் பார்த்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கியது, கிருமி உள்ளேயே இருந்தது.

பெரும்பாலான கீமோக்களில் ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது கிருமி தொற்றினாலும் சளி, சீழ் என்று எந்த அடையாளமும் இல்லாமல், காய்ச்சல் ஒன்று மட்டுமே தெரியலாம். சிலருக்கு அதுகூட வராமல் நடுக்கம் மட்டும் வரும். அதற்கும் போன் செய்யுங்கள்.

கவனிக்க வேண்டிய அளவு 38 டிகிரி செல்சியஸ். நம் வீட்டு தெர்மாமீட்டரில் அது 100.4. அந்த அளவைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் உடனே வார்டுக்குப் போன் செய்யுங்கள். மாத்திரைக்கு முன்பே சூடு பாருங்கள்.

கீமோவால் வரும் வாய்ப்புண்ணுக்கு உப்பு நீர் கொப்பளிக்கச் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் புண்ணை "வெறும் உடல்சூடு" என்று விட்டுவிடுவது தவறு. அந்தப் புண் வழியாகவும் கிருமி ரத்தத்துக்குள் போகும்.

வெள்ளை அணுக்கள் கூடுவதற்காகப் போடும் ஊசியாலேயே காய்ச்சல் வருமா என்றும் சிலர் கேட்கிறார்கள்: வரலாம். ஆனால் எது எதனால் என்று வீட்டில் பிரித்தறிய எனக்கு வழி தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.