டிவி திரையை அணைத்துப் பாட்டு கேட்டால் கஞ்சனா?

எங்கள் வீட்டு டிவியின் கருப்புத் திரையைப் படமெடுத்து, "கரண்ட் பில்லுக்குப் பயந்து இருட்டில் பாட்டு" என்று குடும்பக் குழுவில் போட்டாரே மச்சான், அவருக்காகத்தான் இந்தப் பதிவு. ஆளாளுக்குச் சிரித்து முடித்துவிட்டீர்கள். சரி, இப்போது நான் பேசுகிறேன்.

எல்.இ.டி. டிவியில் கரண்டைக் குடிப்பது முக்கியமாகத் திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான். சத்தத்துக்குச் செலவு கொஞ்சம். எங்களுடையது 43 அங்குலம். படம் ஓடும்போது சுமார் 70 வாட், திரையை அணைத்தால் 20 என்று வையுங்கள். மிச்சம் 50 வாட். தினமும் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 18 யூனிட். "பதினெட்டு யூனிட்டுக்கா இவ்வளவு அலட்டல்?" என்பீர்கள். 490ல் நிற்கும் வீட்டைக் கேட்டுப் பாருங்கள். 500ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும்.

கருப்புப் படம் ஓடவிட்டாலும் இதேதான் என்று சித்தி பையன் சொன்னான். இல்லை தம்பி. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் பார், கருப்புப் படத்தில் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் மினுங்கும். பின்னால் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். ஓ.எல்.இ.டி. வேறு கதை, அது நம் வீட்டில் இல்லை. செட்டிங்ஸில் மின்சாரம் அல்லது சத்தம் பகுதியில் Picture off அல்லது Screen off என்று இருக்கும், அதைத்தான் அழுத்த வேண்டும். அப்போது திரை சுத்த இருட்டு. பல டிவிகளில் சத்தம் கூட்டும் பட்டனைத் தவிர எதைத் தொட்டாலும் படம் திரும்பி வந்துவிடும். செட்டாப் பாக்ஸ் வழியாக ரேடியோ கேட்டால் அந்தப் பெட்டி தனியாகக் குடிக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"போனில் கேட்க வேண்டியதுதானே?" கேட்கலாம், அதற்கு இன்னும் குறைவுதான் ஆகும். ஆனால் காசு கட்டாத யூடியூபில் போன் திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடும். நடுவில் கடன் கொடுக்கும் கம்பெனிக்காரன் வேறு கூப்பிடுவான்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் நானும் இவளும் கொலுசுக்குச் சலங்கை பற்ற வைக்கிற நேரம் அது. தீ முனை ஒரு நொடி அதிகம் பட்டால் சலங்கை உருகிவிடும். திரையில் ஆள் ஆடினால் கண் தானாகப் போகும். பாட்டு மட்டும் இருந்தால் போகாது. கரண்டுக்காக ஆரம்பித்தோம், இப்போது கைக்காக.

இதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். மச்சான் கேட்கவில்லை, போனைத்தான் நீட்டினார். ஏற்காட்டு வீட்டில் ஆளில்லாத அறையில் ராத்திரி முழுக்க டிவி ஓடவிட்டுத் தூங்குகிறவருக்கு நான் கஞ்சன். இவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அவருடைய தங்கைதானே. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மச்சான், அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.