ரத்தத்தில் கால்சியம் அதிகமாக இருந்தால் எலும்பு பத்திரம் என்று அர்த்தமில்லை

ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "தைராய்டு அதிகம். மூணு மாசத்துல 60 கிலோவிலிருந்து 54. ஆனா ரத்தத்துல கால்சியம் மேல் எல்லையைக் கொஞ்சம் தாண்டியே இருக்கு, அதனால எலும்புக்குப் பயமில்ல. பாலைக் குறைச்சா போதும்."

அந்தக் கூடுதல் கால்சியம் பெரும்பாலும் பாலிலிருந்து வந்ததல்ல, எலும்பிலிருந்து கரைந்தது. தைராய்டு ஹார்மோன் மிகும்போது எலும்பு கட்டப்படுவதைவிட வேகமாகக் கரைகிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறியதும், அதை உயர்த்தும் வேலையைச் செய்யும் பாராதைராய்டு ஹார்மோன் இறங்கும். அதனால் குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறையும், சிறுநீரில் போவது கூடும். பாலையும் நிறுத்தினால் இழப்புதான் மிஞ்சும். எலும்பின் நிலையை எலும்பு அடர்த்தி ஸ்கேன்தான் சொல்லும்; கூடவே வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் அளவும் பார்க்க வேண்டும்.

கால்சியம் மாத்திரை போடலாம் என்று சிலர் சொல்வது பாதி சரி. நாளொன்றுக்குச் சுமார் 1000 மி.கி. கால்சியம் தேவைதான், ஆனால் உணவிலிருந்து. ரத்த அளவு இறங்கும்வரை மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை வேண்டாம். தைராய்டு குறைவால் எடை கூடுகிறவர்களுக்கு இது பொருந்தாது.

மூன்று மாதத்தில் 10% எடை இழப்பு கடுமையானது, அதில் தசையும் அடக்கம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். கலோரித் தேவையைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் இங்கே தேவையைக் குறைத்துக் காட்டும். கிலோவுக்கு 35–40 கலோரி, அதாவது 1900–2150 அளவில் தொடங்கி, வாராவாரம் எடை பார்த்து மாற்றலாம். சிகிச்சையில் ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவு இயல்புக்கு வந்ததும் கலோரியைக் குறைக்க வேண்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் ஏற மாதக்கணக்காகலாம். அதற்காகக் காத்திருந்தால் எடை தேவைக்கு மேல் ஏறிவிடும்.