முதல் துண்டை மட்டும் பார்த்தால் போதாது

"வெளியிலிருந்து SYN வந்தால் தடு என்று ரவுட்டரில் விதி போட்டாச்சு. இனி யாரும் புது இணைப்பு தொடங்க முடியாது."

இது தவறு. ஒரு ஐபி பாக்கெட்டைப் பல துண்டுகளாக உடைத்து அனுப்பலாம். முகவரி எல்லாத் துண்டிலும் இருக்கும்; டிசிபி தலைப்போ துண்டாகிவிடும். முதல் துண்டில் 8 பைட் மட்டும் வைத்தால் போர்ட் எண்களும் வரிசை எண்ணும் அதில் அடங்கிவிடும். SYN கொடி இருப்பது 14-வது பைட்டில், அதாவது இரண்டாம் துண்டில். எளிய வடிகட்டி முதல் துண்டில் கொடியைக் காணாமல் விட்டுவிடும். அடுத்ததைச் சோதிப்பதே இல்லை. உள்ளே இருக்கும் கணினி இரண்டையும் ஒட்டி, SYN-ஐப் பெற்றுக்கொள்ளும்.

1995-இல் வந்த RFC 1858 சொல்லும் தீர்வு எளிது: டிசிபி துண்டின் ஆஃப்செட் 1 என்றால், அதாவது முதல் 8 பைட்டுக்கு அடுத்து அது தொடங்கினால், தூக்கி எறியுங்கள். நேர்மையான துண்டு இவ்வளவு சிறிதாக வராது. உங்கள் பக்கம் வருகிறதா என்று இப்படிப் பாருங்கள்:

```
tcpdump -n 'ip[9] = 6 and ip[6:2] & 0x1fff = 1'
```

துண்டுகளை ஒட்டிப் பார்த்தபின் முடிவெடுக்கும் ஃபயர்வால் என்றால் இந்தத் தந்திரம் பலிக்காது.