ஓட்டைத் தட்டு டீவியைக் கேலி செய்பவர்களுக்கு

பழைய தொழில்நுட்பங்களைப் பற்றிய பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் பேர்டு என்ற பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் 1920களில் ஓட்டைத் தட்டை வைத்துச் செய்த டீவியின் படத்தைப் போட்டு, "சைக்கிள் சக்கரம் மாதிரி ஒன்றைச் சுற்றவிட்டு டீவி பார்த்தார்களாம்" என்று சிரிப்பது வழக்கமாகிவிட்டது. போன வாரமும் ஒரு நண்பர் அப்படித்தான் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அந்தத் தட்டைக் கேலி செய்வதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நான் செய்து பார்த்தவன்.

நகரும் பேருந்தில் உட்கார்ந்து வேலி போட்ட ஒரு வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நின்றால் இடுக்கு வழியாகச் சுவரில் ஒரு கீற்றுதான் தெரியும். வண்டி ஓடினால் வேலியே கரைந்து, வீடு முழுசாகத் தெரியும். கண் ஒவ்வொரு கீற்றையும் ஒரு கணம் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததோடு ஒட்டிவிடுகிறது. 1884 ஜனவரியில் பவுல் நிப்கோ என்ற 23 வயது ஜெர்மன் மாணவர் பெர்லினில் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்ததன் உயிர்நாடி இதுதான். அவர் வேலியை வட்டமாக வளைத்துவிட்டார்.

ஒரு தட்டு. அதன் விளிம்போரம் சம இடைவெளியில் சின்னச் சின்ன துளைகள். ஆனால் எல்லாம் ஒரே வட்டத்தில் இல்லை. ஒவ்வொரு துளையும் முந்தையதைவிட ஒரு துளை அகலம் மட்டும் மையத்தை நோக்கி உள்ளே தள்ளியிருக்கும். மொத்தத்தில் சுருள் வடிவம். தட்டுக்கு முன்னால் ஒரு சின்ன சன்னல் வைத்து மற்றதையெல்லாம் மறைத்துவிட்டுச் சுற்றினால், முதல் துளை சன்னலின் வெளி ஓரத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு போகும். அது வெளியேறும் நேரத்தில் இரண்டாவது துளை நுழைந்து, ஒட்டினாற்போல் பக்கத்தில் அடுத்த கோட்டைக் கிழிக்கும். தட்டு ஒரு சுற்று முடித்தால் படம் முழுவதும் ஒருமுறை கோடு கோடாகத் துழாவப்பட்டுவிடும். எந்தக் கணத்திலும் சன்னலுக்குள் ஒரே ஒரு துளைதான், ஆகவே படத்தின் ஒரே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியின் வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றினால், ஒரு முழுப் படம் ஒரே கம்பியில் வரிசையாகப் போய்விடும். மறுமுனையில் அதேபோல் ஒரு தட்டு, அதற்குப் பின்னால், வரும் மின்சாரத்துக்கேற்ப மினுங்கும் ஒரு விளக்கு. அவ்வளவுதான்.

நான் செய்தது அதில் பாதிதான். மின்சாரம், விளக்கு எதுவும் இல்லை, வெறும் தட்டு. கறுப்பு அட்டையில் 13 சென்டிமீட்டர் ஆரத்தில் தொடங்கி 16 துளைகள், ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 82 சென்டிமீட்டர். 16ஆல் வகுத்தால் துளைக்குத் துளை 5 சென்டிமீட்டர் இடைவெளி. ஆகவே சன்னலின் நீளம் அதற்குமேல் போகக் கூடாது, போனால் ஒரே நேரத்தில் இரண்டு துளைகள் உள்ளே வந்து படம் இரட்டிக்கும். அகலம் 16 கோடு பெருக்கல் 2 மில்லிமீட்டர், அதாவது 32 மில்லிமீட்டர். இறக்கை கழற்றிய பழைய டேபிள் ஃபேன் மோட்டாரில் மாட்டிச் சுற்றினேன். (மிக்ஸி மோட்டாரில் மாட்டலாமா என்று என் மகன் கேட்டான். வேண்டாம்.) தட்டு வழியாகப் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவைப் பார்த்தால், தெரு தெரிகிறது! எதிர்வீட்டு மொட்டைமாடித் தொட்டி, காயப்போட்ட வேட்டி எல்லாம் தெரிந்தது. மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல்.

கூடவே நடுவில் ஒரு கறுப்புக் கோடும் தெரிந்தது. மோட்டாரை நிறுத்தி அளந்தால், ஒரு துளையை அரை மில்லிமீட்டர் அதிகமாக உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறேன். அதற்கும் முந்தைய துளைக்கும் நடுவில் யாருமே துழாவாத ஒரு கீற்று விடுபட்டுப்போனது. மறுபக்கம் அடுத்த துளையோடு நெருங்கிப் போனதால் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அங்கே வெளிச்சக் கோடு வந்திருந்தது. தூசி அடைத்தாலும் கறுப்புக் கோடுதான். ஆனால் அது ஊதினால் போய்விடும், இது போகாது. துளை உள்ளே வெளியே நகராமல் முன்பின் நகர்ந்திருந்தால் வேறு மாதிரி: அந்த ஒரு கோடு மட்டும் மேலேயோ கீழேயோ சறுக்கி, நேர் விளிம்புகளில் பல் விழும். தவறு எங்கே என்று தட்டே காட்டிக்கொடுத்துவிடும். அரை மில்லிமீட்டர் பிசகு இவ்வளவு பேசுகிறது என்றால், ஹேஸ்டிங்ஸ் ஊரில் 1923 வாக்கில் தொப்பிப் பெட்டி அட்டையையும் தேயிலைப் பெட்டியையும் தையல் ஊசியையும் வைத்துக்கொண்டு போராடிய ஜான் லோகி பேர்டின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

சரி, என் தட்டில் மங்கல் எவ்வளவு? சன்னலின் பரப்பு சுமார் 1,600 சதுர மில்லிமீட்டர். ஒரு துளையின் பரப்பு சுமார் 3. ஆக, தெருவிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஐந்நூறில் ஒரு பங்குதான் என் கண்ணுக்கு வருகிறது. வெயில் இருந்ததால் பிழைத்தேன். என்னைக் கேட்டால் தட்டின் உண்மையான நோய் இதுதான். கோடுகளைக் கூட்டினால் படம் தெளியும், ஆனால் துளை சிறுத்து வெளிச்சம் செத்துவிடும்.

பேர்டு 1925 அக்டோபர் 2ஆம் தேதி லண்டனில், சோஹோவின் ஃப்ரித் தெருவில், 30 கோட்டில் சாம்பல் நிறப் படிகளோடு ஒரு முகத்தைக் காட்டியபோது அந்த முகம் ஒரு பொம்மையுடையது. குரல்வித்தைக்காரர்கள் மடியில் வைத்துப் பேசும் பொம்மை, பெயர் ஸ்டூக்கி பில். மனிதரை ஏன் வைக்கவில்லை? விளக்குகளின் சூட்டில் மனிதரால் உட்கார முடியாது. பொம்மைக்கே முடி கருகி, முகத்துச் சாயம் வெடித்துவிட்டது. பிறகு கீழ்மாடி அலுவலகத்திலிருந்து வில்லியம் டெய்ன்டன் என்ற இளைஞரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அவர் சூடு தாங்காமல் நகர்ந்துவிட, பேர்டு அரை கிரௌன் காசு கொடுத்து மறுபடி உட்கார வைத்ததாகச் சொல்வார்கள்.

அப்புறம் வந்த திருப்பம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். வெளிச்சத்தைக் கொட்டி, அதில் ஒரு துளியைத் துளை வழியாக எடுப்பதற்குப் பதிலாக, தலைகீழாக்கிவிட்டார்கள். அறையை இருட்டாக்கு. பலமான விளக்கைத் தட்டுக்குப் பின்னால் வை. துளை வழியாக வரும் ஒரே ஒரு ஒளிப்புள்ளி முகத்தின் மேல் கோடு கோடாக ஓடட்டும். பக்கத்தில் பெரிய ஒளிமின்கலங்களை வைத்து, முகத்திலிருந்து திரும்பும் வெளிச்சத்தை முடிந்தவரை அள்ளிக்கொள். எந்தக் கணத்தில் எவ்வளவு வெளிச்சம் திரும்பியது என்று தெரிந்தாலே போதும், புள்ளி எங்கே இருந்தது என்பது தட்டுக்குத் தெரியும். ஒரு வேடிக்கையும் உண்டு. படத்தில் நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தால், ஒளிமின்கலம் இருக்கும் இடத்திலிருந்து வெளிச்சம் அடித்தது போலவே இருக்கும். வலப்பக்கக் கலத்தை மூடினால், வலப்பக்க விளக்கை அணைத்த மாதிரி. பிபிசியின் 30 கோட்டு ஒளிபரப்புகள் இப்படி இருட்டு அறையில், ஓடும் புள்ளிக்கு முன்னால் நடந்தவைதான்.

பார்க்கும் பக்கத்தில் வேறு தலைவலி. வீட்டில் இருக்கும் தட்டு, நிலையத்துத் தட்டோடு அச்சு அசலாக ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 750 சுற்று, அதாவது நொடிக்கு 12.5 படம். வீட்டு மோட்டார் ஒரே ஒரு சதவீதம் பிசகியது என்று வையுங்கள். பேர்டின் முறையில் கோடுகள் செங்குத்தாக ஓடும். ஒவ்வொரு கோடும் முந்தையதைவிடப் பட உயரத்தில் நூறில் ஒரு பங்கு சறுக்கும். 30 கோடு முடிவதற்குள் மொத்தச் சறுக்கல் 30 சதவீதம். தோள் சாய்ந்துவிடும், கண் ஒன்று மேலே ஒன்று கீழே. அடுத்த சுற்றில் இன்னொரு 30. சுமார் கால் நொடிக்கு ஒருமுறை படமே உருண்டு வந்துவிடும். வெறும் ஒரு சதவீதத்துக்கு! இதனால் தட்டின் அச்சில் 30 பல் கொண்ட ஒரு சக்கரத்தை மாட்டி, ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் வரும் துடிப்பைக் காந்தத்துக்குக் கொடுத்து இழுத்துப் பிடித்தார்கள். நொடிக்கு 375 துடிப்பு. வேகம் சரியாகி இடம் மட்டும் தவறினால், படம் ஆடாமல் நிற்கும், ஆனால் தாடை மேலேயும் நெற்றி கீழேயும் இருக்கும். அதற்குத் தனிக் குமிழ்.

வீட்டுக்கு வந்த பெட்டியில் தட்டின் விட்டம் சுமார் 50 சென்டிமீட்டர். நாம் மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால், அதிலிருந்து கிடைக்கும் படத்தின் உயரம் 5 சென்டிமீட்டர், அகலம் இரண்டுக்குச் சற்று மேல். பெரிய தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த அளவு. நியான் விளக்கின் ஆரஞ்சுச் சிவப்பு நிறத்தில், ஒரு பூதக்கண்ணாடி வழியாக. 1929 செப்டம்பர் 30ஆம் தேதி ஒளிபரப்பு தொடங்கியபோது கிடைத்தது ஒரே ஒரு அலைவரிசை, ஆகவே இரண்டு நிமிடம் படம், அப்புறம் ஒலி என்று மாற்றி மாற்றி அனுப்பினார்கள். 1930 மார்ச்சில்தான் இரண்டும் சேர்ந்தன.

"அப்படியென்றால் தோல்விதானே" என்பார் நண்பர். தோல்விதான், மறுக்கவில்லை. எது தோற்றது என்பதில்தான் சண்டை. படத்தைக் கோடுகளாக உரித்து, காலத்தில் வரிசையாக அனுப்பி, மறுமுனையில் அதே தாளத்தில் மறுபடி அடுக்குவது என்ற யோசனை தோற்கவே இல்லை. பிக்சர் டியூப் டீவியில் எலக்ட்ரான் கற்றை செய்ததும் அதையேதான். தோற்றது உலோகத் தட்டு.

1936 நவம்பர் 2ஆம் தேதி அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தொடங்கிய சேவையில் பேர்டின் 240 கோட்டு முறையும் மார்க்கோனி-இஎம்ஐ நிறுவனத்தின் 405 கோட்டு மின்னணு முறையும் வாரத்துக்கு வாரம் மாறி மாறி ஓடின. இந்த 405 கோட்டை நம் ஓட்டைத் தட்டில் செய்ய முடியுமா என்று போட்டுப் பார்த்தேன். துளைகளுக்கு நடுவில் அதே 5 சென்டிமீட்டர் வேண்டுமென்றால், 405 துளைக்குச் சுற்றளவு 20 மீட்டர், விட்டம் ஆறரை மீட்டர். அதை நொடிக்கு 25 முறை சுற்றினால் விளிம்பின் வேகம் நொடிக்கு 500 மீட்டர். ஒலியைவிட வேகம்! சரி, தட்டைப் பழைய 50 சென்டிமீட்டரிலேயே வைத்துக்கொள்வோம் என்றால் படத்தின் நீளம் 4 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும், ஒரு துளை தலைமுடியைவிட மெல்லியதாகிவிடும். அதன் வழியாக எந்த வெளிச்சம் வரும்? எலக்ட்ரானுக்கு விளிம்பும் இல்லை, எடையும் இல்லாத மாதிரிதான். பேர்டின் முறை 1937 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது.