தேதி கேட்ட மெயிலில் ரிப்ளை ஆல் குவிந்துவிட்டால், எண்ணத் தொடங்காதீர்கள். முதலில் இழையை நிறுத்துங்கள்

செவ்வாய் காலை 10, புதன் காலை 11, வியாழன் பகல் 2, வெள்ளி மாலை 4. கூட்டம் வைக்க இதில் எது வசதி என்று 12 பேருக்கு மெயில் போகிறது. மறுநாளைக்குள் 23 பதில்கள், அத்தனையும் எல்லோருக்கும். "புதன்னா நானும் ரெடி", "செவ்வாய் முடியும்னு சொன்னேன், இப்போ முடியாது", "மத்தவங்களுக்கு எது சரியோ அது". இந்த நிலையில் கூட்டத்தைக் கூட்டுகிறவர் செய்யும் பெரிய தவறு, பதில்கள் வந்துகொண்டிருக்கும்போதே எண்ணிப் பார்ப்பது. எண்ணி முடிப்பதற்குள் கணக்கு மாறிவிடும். அதோடு, பிறர் பதிலைப் பார்த்துத் தன் பதிலை மாற்றுகிறவர்கள் இருக்கும்வரை அது ஓயாது.

அதனால் முதல் வேலை நிறுத்துவதுதான். பழைய மெயிலுக்கே ரிப்ளை போடாமல், புதிய தலைப்பில் புது மெயில் எழுதுங்கள். To என்ற இடத்தில் உங்கள் முகவரி மட்டும் இருக்கட்டும், மற்ற எல்லோரும் Bcc-யில். அப்படி அனுப்பினால் யாராவது ரிப்ளை ஆல் அழுத்தினாலும் பதில் உங்களுக்கு மட்டுமே வரும். பழைய இழையைத் திறந்து அதில் பதில் எழுதுகிறவரை இது தடுக்காது. அதனால் முதல் வரியிலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள்: "பழைய மெயிலில் இனி பதில் வேண்டாம். வந்த பதில்களை அட்டவணையாகக் கீழே போட்டிருக்கிறேன். உங்கள் வரிசையில் தவறு இருந்தால் மட்டும், இன்று மாலை 5-க்குள் எனக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அட்டவணையில் இருப்பதையே எடுத்துக்கொள்வேன்."

அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரிசை, நேரத்துக்கு ஒரு பத்தி. கட்டத்துக்குள் நான்கே குறிகள் போதும்: முடியும், முடியாது, தேவைப்பட்டால் முடியும், தெரியாது. இங்கே பலர் சறுக்குவது ஒரே ஆள் இரண்டு மூன்று முறை பதில் போட்டிருக்கும்போது. கடைசிப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு முந்தையதை அழித்துவிடுகிறார்கள். "செவ்வாய் இப்போ முடியாது" என்பவர் செவ்வாயைப் பற்றி மட்டுமே பேசுகிறார். வியாழனுக்கு முதலில் சொன்ன சம்மதம் அப்படியே இருக்கிறது. ஆகவே ஆள்வாரியாக மாற்றாமல் கட்டம்வாரியாக மாற்றுங்கள். "மத்தவங்களுக்கு எது சரியோ" என்ற பதிலைச் சம்மதமாக எண்ண வேண்டாம். அவர் பெரும்பாலும் காலண்டரைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். 'தெரியாது' என்றே குறியுங்கள். பதிலே போடாதவருக்கும் அதே குறிதான்.

இனி கணக்கு. 12 பேரில் 9 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று வையுங்கள். செவ்வாய்க்கு 7 பேர் முடியும் என்கிறார்கள். புதனுக்கு 6 பேர், தேவைப்பட்டால் என்று இன்னொருவர். வியாழனும் வெள்ளியும் நாலைந்தோடு நிற்கின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் செவ்வாய். ஆனால் என் உறுதியான கருத்து, தலையை எண்ணித் தேதி வைக்கக் கூடாது. யார் இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தை வைப்பதிலேயே பயனில்லை என்று பாருங்கள். முடிவெடுப்பவர், கணக்கை விளக்குபவர், வேலையை எடுத்துச் செய்யப்போகிறவர் என்று மூன்று பேர் இருக்கலாம். முடிவெடுப்பவருக்குச் செவ்வாய் முடியாது என்றால், 7 பேர் கூடிப் பேசிவிட்டு மறுபடி ஒரு தேதி கேட்க வேண்டிவரும். அங்கேயே செவ்வாய் விழுந்துவிட்டது. புதன் முடிவெடுப்பவருக்கும் வேலையை எடுப்பவருக்கும் சரி. கணக்கை விளக்குபவர் பதிலே போடவில்லை. அவருக்கு மூன்றாவது மெயில் அனுப்பாமல் போன் செய்யுங்கள்.

"புதன் வரேன், ஆனா 11:30-க்குத்தான்" என்கிறார். உடனே கூட்டத்தை 11:30-க்குத் தள்ளத் தோன்றும். தள்ளாதீர்கள். மற்ற 6 பேர் சம்மதம் சொன்னது 11 மணிக்கு. அரை மணி தள்ளினால் அது புதுக் கேள்வி, மறுபடி எல்லோரையும் கேட்க வேண்டும். 11-க்கே தொடங்கி, கணக்கைப் பற்றிய பகுதியை 11:30-க்கு மேல் வைத்தால் போதும். (ஆட்கள் வேறு வேறு நாடுகளில் இருந்தால், எந்த ஊர் நேரம் என்பதை எல்லா மெயிலிலும் எழுதிவிடுங்கள்.)

முடிவை மெயிலாக மட்டும் அனுப்பாமல் காலண்டர் அழைப்பாக அனுப்புங்கள். யாருக்காவது வேறு நேரங்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கச் சொல்லியிருந்தால், அவற்றை விடுவித்துவிடலாம் என்று அதிலேயே ஒரு வரி போடுங்கள். பலர் இதை மறப்பதால், மூன்று நேரங்கள் தேவையில்லாமல் பூட்டியே கிடக்கும்.

அதன் பிறகும் "எனக்குப் புதன் முடியாதே" என்று ஒருவர் எழுதுவார். அந்த மூவரில் ஒருவர் என்றால் மட்டும் தேதியை மறுபடி யோசியுங்கள். மற்றவர் என்றால், கூட்டத்தில் பேசியதைக் குறிப்பாக அனுப்புவதாகவும், சொல்ல வேண்டியது இருந்தால் செவ்வாய்க்குள் எழுதித் தரும்படியும் அவருக்கு மட்டும் தனியாகப் பதில் போடுங்கள்.