மூன்று மரபுக்கும் ஒரே பதிலா?

“தொடக்கக் கல்லூரிக் கட்டுரையில் துன்பம் ஏன் என்ற கேள்விக்கு வேதாந்தம், கிறித்துவம், பௌத்தம் ஆகிய மூன்று மரபுக்கும் ஒரே விடை எழுதலாம்: துன்பம் முன்வினைப் பயன்.”

வேதாந்தப் பத்திக்கு மட்டும் இது பாதி சரி, தம்பி. வேதாந்த மூலநூலான பிரம்ம சூத்திரம் 2.1.34-க்குச் சங்கரர் உரையில் இறைவன் மழைபோலப் பொது. விளைச்சல் வேறுபடுவது விதையால். அப்படியானால் முதல் வினை எங்கிருந்து வந்தது? பிறவிச் சுழலுக்குத் தொடக்கமில்லை என்கிறது அடுத்த சூத்திரம். அது போதுமான பதிலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அங்கேதான் உங்கள் மதிப்பீட்டை எழுத வேண்டும்.

கிறித்துவ இறையியலாளர் அகஸ்டீனுக்குத் தீமை நன்மையின் குறைபாடு. ஆதாம்வழிப் பாவம் அவரவர் முற்பிறவிக் கணக்கல்ல.

பெரிய சறுக்கல் பௌத்தத்தில். சீவக சுத்தம் என்ற பாலி நூற்பகுதியில் புத்தர் துன்ப உணர்வுக்குப் பித்தம், பருவமாற்றம், தாக்குதல் உள்ளிட்ட 8 காரணங்கள் சொல்கிறார்; வினை அவற்றில் ஒன்றுதான். அங்கே படைத்தவன் இல்லாததால், துன்பத்துக்காக நியாயப்படுத்த வேண்டிய இறைவனும் இல்லை.

தாயாரின் நோய்க்குக் காரணம் தேடுவோருக்கு: இது தேர்வு விடை மட்டுமே.